கல்யாணத்துக்குப் பிறகு முதல் சந்திப்பில் என்ன சொல்வது?

"பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குப் போன மாசம் கல்யாணம். எனக்கு ஷிப்டு வேலை, போக முடியல. என்னைவிட நாலு வயசு சின்னவன், சின்ன வயசுலேருந்து பழக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு தாமானுக்கு வர்றான். பொண்ணு கோலாலம்பூர்ல வளர்ந்தவங்களாம், நான் பார்த்ததே இல்ல. 'வாழ்த்துகள்'னு மட்டும் சொன்னா போதுமா? வேற என்ன சொல்லணும்? எங்க வீட்டுல பெரியவங்கன்னா பாட்டி மட்டும்தான்."

"வாழ்த்துகள்" தப்பான சொல் இல்லை. ஆனால் அட்டையில் எழுதவும் மண்டபத்து மைக்கில் சொல்லவும்தான் அது பொருந்தும். வாசலில் நின்று முகத்தைப் பார்த்துச் சொன்னால், "நன்றிண்ணா" என்று ஒரு பதில் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். அப்புறம் நீங்களும் அவர்களும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்போதெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் லயத்துக்கு வருவார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்துக் கொட்டிவிட்டு மத்தியானம் திரும்பும் பெண்கள், காட்டு உடுப்பை மாற்றாமலே வாசலில் வந்து நிற்பார்கள். மேலெல்லாம் கித்தாப்பால் வாடை அடிக்கும் என்பதால் உள்ளே வரமாட்டார்கள். ஐந்து நிமிடம்தான் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் பேசிய விதத்தை இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அதில் ஓர் ஒழுங்கு இருந்தது தெரிகிறது. முதலில் பெண்ணைப் பார்த்து, "வாம்மா, வந்துட்டியா." அடுத்து இரண்டு பேரையும் பார்த்து, "எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?" கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் புறப்படும்போதுதான், "நல்லா இருங்க." அதாவது வரவேற்பு, விசாரிப்பு, வாழ்த்து. வாழ்த்து எப்போதும் கடைசியில்தான் வரும். உங்களுக்கும் நான் சொல்லப்போவது அதைத்தான்.

வரவேற்பிலிருந்து தொடங்குவோம். உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தத் தாமான் பிறந்து வளர்ந்த இடம். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அங்கே யாரையும் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் போய், "டேய் மாப்பிள்ளை ஆயிட்டியா!" என்று தோளைத் தட்டுவார்கள். அவள் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் முதல் சொல் அவளுக்குப் போகட்டும். "வாங்கம்மா" என்றால் போதும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் ஒரு புதுப்பெண் முதலில் கேட்க விரும்புவது தன்னை உள்ளே கூப்பிடும் ஒரு சொல்லைத்தான். அவளுடைய பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அதை எடுத்து இன்னொரு முறை படித்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும், பேச்சில் ஒரு தடவை வந்தால் அவளுக்கு முகம் மலரும்.

கூப்பிட்ட உடனே நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் பேசிவிட்டுப் போன பிறகு, "அவங்க யாருங்க?" என்று அவள் கணவனிடம் கேட்கும்படி ஆகிவிடுகிறது. "நான் பக்கத்து வீடும்மா. இவன் சைக்கிள் ஓட்டப் பழகினதே எங்க வேலியில மோதித்தான்" என்பது மாதிரி ஒரே வரி போதும். அதில் நீங்கள் யார் என்பதும் இருக்கிறது, அவனோடு உங்களுக்கு எவ்வளவு நாள் பழக்கம் என்பதும் இருக்கிறது. சொல்லும் கதை அவள் சிரிக்கும்படி இருக்கட்டும், அவன் நெளியும்படி இருக்க வேண்டாம். பழைய காதல், பள்ளியில் வாங்கிய அடி, ஒரு காலத்தில் குடித்துவிட்டு விழுந்தது எல்லாம் நண்பர்கள் கூட்டத்துக்கு. மாமியார் காது கேட்க வேண்டாம்.

எப்படி அழைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தடுமாற்றம் அங்கேதான் வரும். பையன் உங்களைவிட நாலு வயது இளையவன், உங்களை அண்ணா என்பான். ஆகவே அந்தப் பெண் உங்களுக்கு அண்ணி இல்லை. தங்கச்சி மாதிரி. இருந்தாலும் முதல் நாளே "தங்கச்சி" என்று இழுக்க வேண்டாம், "ம்மா" சேர்த்தால் போதும். அவள் வயதில் சின்னவளாக இருந்தாலும் "நீங்க" என்றே பேசுங்கள். பையனை வழக்கம்போல "நீ", "டா" என்று கூப்பிடலாம், நீங்கள் திடீரென்று "வாங்க போங்க" என்றால் அவனுக்கே சிரிப்பு வரும். ஆனால் முதல் வாக்கியமே "டேய்" என்று தொடங்க வேண்டாம். அவளுக்கு முன்னால் அவன் இப்போது ஒரு குடும்பக்காரன். இரண்டு பேரையும் சேர்த்துப் பேசும் இடங்களில் "நீங்க ரெண்டு பேரும்" என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

அவளைப் பற்றி அவள் தலைக்கு மேலே பேசாதீர்கள். "பொண்ணு நல்லா இருக்கேக்கா" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்வதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் சொல்கிறார்கள். பாசாரில் மீன் பார்த்துவிட்டு விலை கேட்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிறம், உயரம், உடம்பு எதையும் தொட வேண்டாம். பாராட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டு பேரையும் சேர்த்து, "ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க அவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்று நேராகவே சொல்லுங்கள்.

அடுத்தது விசாரிப்பு. "கல்யாணமெல்லாம் நல்லபடியா நடந்துச்சா?" என்ற கேள்வி பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதில் "நல்லபடியா" என்ற சொல்லிலேயே பாதி வாழ்த்து உட்கார்ந்திருக்கிறது. மீதிப் பாதியை அவர்கள் பேசி நிரப்புவார்கள். மழை பெய்ததை, மண்டபத்தில் கூட்டம் அதிகமானதை, தாலி கட்டும் நேரத்தில் யாரோ கேமராவுக்கு முன்னால் வந்து நின்றதைச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் போன ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அபத்தமாக இருக்கும். அவர், "அலைச்சலெல்லாம் தீர்ந்துச்சா?" என்று கேட்க வேண்டும். நீங்கள் போகாதவர், உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால் உங்கள் வாயில் இந்தக் கேள்வி நன்றாகவே பொருந்தும்.

போகாததைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுவும் விசாரிப்புக்கு முன்னாலேயே. "அன்னிக்கு ஷிப்டு, வர முடியாமப் போச்சு, மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு." அவ்வளவுதான். சூப்பர்வைசர் லீவு தராத கதை, ஆள் மாற்றிக் கேட்ட கதை, வாட்ஸ்அப்பில் படம் பார்த்த கதை எல்லாம் போனால், கடைசியில் அவர்கள்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் கார் ரிப்பேர் ஆன கதையைக் கால் மணி நேரம் சொன்னார். மாப்பிள்ளை பாவம், எந்த வொர்க்‌ஷாப்பில் நன்றாகச் செய்வார்கள் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

மொய் உறையை அன்றைக்கே கையில் வைத்திருங்கள். ஐம்பத்தொன்றோ நூற்றொன்றோ, உங்கள் வசதிப்படி. அந்தக் கடைசி ஒரு வெள்ளி மட்டும் விட்டுப்போகக் கூடாது, வட்டமான தொகையாகக் கொடுப்பதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். வலது கையால், இரண்டு பேரும் சேர்ந்து வாங்கும்படி நீட்டுங்கள். "அன்னிக்கே கையில கொடுத்திருக்கணும்" என்றால், வராததும் கொடுப்பதும் ஒரே வரியில் முடிந்துவிடும். மாமியாரிடமோ மாப்பிள்ளையிடம் தனியாகவோ கொடுத்துவிட்டு வராதீர்கள். அவளும் அதில் ஒரு கை வைக்கட்டும்.

இனி வாழ்த்து. இங்கே வயதுக்கோடு ஒன்று இருக்கிறது. ஆசீர்வாதம் செய்வது பெரியவர்களுக்கு உரியது. "நல்லா இருங்க", "தீர்க்காயுசா இருங்க" என்று அவர்கள் சொன்னால் அது தலையில் கை வைத்த மாதிரி. சமவயதுக்காரரும் சின்னவரும் அப்படிச் சொன்னால் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். அதனால்தான் மேடையில் பேசும் இளைஞர்கள், "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். அது மேடைக்கு. வாசலில் அப்படிச் சொன்னால் நாடகம் ஆகிவிடும். உங்களுக்கு நான்கு வயது மூப்பு இருக்கிறது, அவ்வளவுதான். "ரொம்ப சந்தோஷம்டா. ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்க" என்பது உங்கள் வயதுக்குச் சரியாக உட்காரும்.

ஒருவேளை அவர்கள் உங்கள் காலில் விழக் குனிந்தால்? உங்கள் வீட்டில் பெரியவர்கள் குறைவு என்பதால், அக்கா மகன் மரியாதைக்காகச் செய்யக்கூடும். பதறி இரண்டடி பின்னால் போய்விடாதீர்கள், குனிந்தவர்கள் நடுவில் நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. பையனின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "எனக்கு வேண்டாம்டா, பாட்டி இருக்காங்க, அவங்ககிட்ட வாங்கிக்கங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் பாட்டி நடுவே வந்துவிடுகிறார். உண்மையில் அன்றைக்கு நடக்க வேண்டியதும் அதுதான்.

பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தாத்தா இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நம் பக்கத்துக் கிழவிகள் பலர் புதுப்பெண் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். "நான் எதுக்கு முன்னாடி வந்து நிக்கணும்" என்பார்கள். என் பெரியம்மா அப்படித்தான். முப்பத்தைந்து வயதில் பெரியப்பாவை இழந்தவர், அத்தனை கல்யாணத்துக்கும் அடுப்படியில்தான் இருந்தார். ஒரு முறை தம்பி மகன் பெண்டாட்டியோடு வந்தபோது, அந்தப் பெண்ணே உள்ளே போய், "பெரியம்மா, நீங்க திருநீறு பூசாம நாங்க கிளம்பமாட்டோம்" என்று நின்றுகொண்டாள். பெரியம்மாவுக்குக் கை நடுங்கியது. இரண்டு பேர் நெற்றியிலும் பூசிவிட்டு, "ஒண்ணும் குறை இல்லாம இருங்க" என்றார். அதற்கு மேல் வாய் வரவில்லை. அன்றைக்கு அங்கே சொல்லப்பட்ட வாழ்த்துகளில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பாட்டியிடம் பேசி வையுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருநீற்றுத் தட்டை எடுத்துக் கொடுங்கள். குங்குமம் வைக்கப் பாட்டி தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், திருநீறு போதும். என்ன சொல்வது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்காது.

பாட்டி அநேகமாக "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்" என்பார். கோலாலம்பூர் பெண் அதைக் கேட்டு, "பதினாறா!" என்று கண்ணை விரித்தால் ஆச்சரியமில்லை. பலர் அதைப் பதினாறு பிள்ளைகள் என்றே நினைக்கிறார்கள், மேடையில் அதை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பதினாறு, செல்வங்களின் கணக்கு. கல்வி, புகழ், வலிமை, வெற்றி, பொன், நெல், அறிவு, அழகு, இளமை, துணிவு, நோயில்லாத உடம்பு, நீண்ட ஆயுள் என்று போகும் வரிசையில் நன்மக்கள் என்பதும் ஒன்று, ஒன்றே ஒன்றுதான். பழைய பாடல்களில் பட்டியல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருந்தால், "பதினாறு பிள்ளை இல்லம்மா, பயப்படாதீங்க, பதினாறு செல்வம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அந்த ஒரு விளக்கம் அவளுக்கு எங்கே போனாலும் உதவும், ஏனென்றால் இன்னும் ஒரு வருடத்துக்கு அவள் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள்.

பிள்ளை பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியை நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் பக்கத்தில் யாராவது கேட்பார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் உடனே கணவன் முகத்தைப் பார்ப்பாள், அல்லது அவளுக்குப் பதில் மாமியார், "அதெல்லாம் இப்ப என்ன அவசரம்" என்று முந்திக்கொள்வார். இந்த இரண்டில் ஒன்று நடந்தால் பேச்சு தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். தோட்டத்துக்காரர்களுக்கு எந்தப் பேச்சையும் மாற்ற, பசியாறியாச்சா என்பதைவிட நல்ல வழி கிடையாது.

இன்னொன்று பதிவுத் தேதி. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்கான சட்டம் 1976-ல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி திருமணத்தைப் பதிய வேண்டும். நம்மவர்கள் ஆர்.ஓ.எம். என்று சொல்லும் அந்தப் பதிவைச் சிலர் தாலி கட்டும் நாளிலேயே கோயிலில் முடிப்பார்கள். பலர் சில மாதங்களுக்கு முன்பே பதிவிலாகாவில் முடித்துவிட்டு, தாலி கட்டும்வரை அவரவர் வீட்டில்தான் இருப்பார்கள். "உங்களுக்குத்தான் எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சே, இப்ப என்ன புதுசா" என்று இதை வைத்து ஒரு நகைச்சுவை நம் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொல்கிறவருக்குச் சிரிப்பு. பெண் வீட்டில் அது வேறு மாதிரி கேட்கும். குடும்பங்களுக்கு அம்மன் முன்னால் தாலி ஏறிய நாள்தான் கல்யாண நாள். அதைத்தான் நீங்களும் கணக்கில் வையுங்கள்.

நகை எத்தனை பவுன், மண்டபத்துக்கு எவ்வளவு ஆச்சு, சாப்பாடு பத்தவில்லையாமே, இவற்றைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என் சொந்தத் தப்பிலிருந்து சொல்கிறேன். என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியையின் மகன் கல்யாணமாகி மனைவியோடு வந்தபோது, பாசத்தில், "அப்பா இருந்து பார்த்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணம்தான். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பையன் பின்னாலேயே போனான். புதுப்பெண்ணும் நானும் மட்டும் ஹாலில் நின்றோம். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இறந்தவர்களைப் பற்றி அவர்கள் பேசினால் கூடப் பேசலாம். நாமாக முதல் சந்திப்பில் எடுக்கக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தால், இன்னொரு நாள் அவனிடம் தனியாகச் சொல்லலாம்.

சரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். அவர்கள் கார் வந்து நின்றதும் ஓடாதீர்கள். முதலில் வீட்டுக்காரர்கள் ஆலத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போகட்டும். அரை மணி நேரம் கழித்து, அல்லது அக்கா கூப்பிட்டதும், கொஞ்சம் பழமும் உறையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

"வாங்கம்மா, வாங்க. நான் பக்கத்து வீட்டு அண்ணன்."

அவள் எழுந்து கையெடுத்துக் கும்பிடுவாள், அல்லது "வணக்கம்ண்ணா" என்பாள். நீங்களும் கையெடுத்துக் கும்பிடுங்கள். புதுப்பெண்ணிடம் கை குலுக்க நீட்ட வேண்டாம், அவளாக நீட்டினால் குலுக்கலாம். கோலாலம்பூரில் வளர்ந்தவள், நீட்டவும் செய்யலாம்.

"அன்னிக்கு ஷிப்டு மாட்டிக்கிச்சு, வர முடியல, மனசு கேக்கல. எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?"

இதற்கு யார் பதில் சொன்னாலும் கேளுங்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை தொடங்குவான். அவன் சொல்லி முடித்ததும் அவள் பக்கம் ஒரு கேள்வியைத் திருப்புங்கள். சுலபமாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "வழியில ஜேமா? எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று கேட்டால் அவளுக்கும் பேச ஒரு வாய்ப்பு. "எங்க ஊரு பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், வந்து அரை மணி நேரத்தில் அதற்கு என்ன சொல்வாள்? அவள் தமிழில் தடுமாறி இடையில் மலாயோ ஆங்கிலமோ கலந்தால் கண்டுகொள்ளாமல் நீங்கள் தமிழிலேயே மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். "தமிழ் வராதா?" என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கமாட்டாள்.

அந்த நேரத்தில் எதிர் வீட்டு மலாய்க்காரம்மா எட்டிப் பார்த்து, "செலாமாட் பெங்கான்தின் பாரு" என்று சொல்லக்கூடும். புதுமணத் தம்பதிக்கு அவர்கள் சொல்லும் வழக்கமான வாழ்த்து அது. அவர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் நீங்களும் அதையே சொல்லலாம். "தெரிமா காசே மாக்சிக்" என்று பதில் சொல்லி, அவர்களையும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கப் பெண்ணுக்கு நல்ல சந்தர்ப்பம். நம் தாமான் எப்படிப்பட்ட இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

பேச்சு தானாகத் தணியும் நேரம் ஒன்று வரும். பத்து, பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். அப்போது உறையை நீட்டி, "அன்னிக்கே கொடுத்திருக்கணும். ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்க" என்று சொல்லுங்கள். பிறகு, "பாட்டி உங்களைப் பார்க்கணும்னு காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. சாயங்காலம் ஒரு எட்டு வந்து திருநீறு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிடுங்கள். பாட்டிக்கு நடக்க முடியுமென்றாலும் அவர்கள்தான் வர வேண்டும். ஆசீர்வாதம் கேட்டு வாங்குவது, கொண்டுபோய்க் கொடுப்பது அல்ல என்று என் அம்மா சொல்வார்.

விருந்துக்குக் கூப்பிடுவதாக இருந்தால் நாளைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஒரு நாள் சாப்பிட வாங்க" என்றால் வரமாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கமாட்டீர்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். "அடுத்த தடவை வர்றப்ப சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டுல சாப்பாடு, கோழியா மீனா சொல்லிடுங்க" என்றால் அது உண்மையான அழைப்பு. அக்காவையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும், புதுத் தம்பதியை மட்டும் கூப்பிட்டால் சின்ன வருத்தம் வந்துவிடும். ஆடி மாதம் நெருங்கினால் முன்னதாகவே அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தால், நீங்கள் சொன்ன சனிக்கிழமை அவள் அங்கே இருக்கமாட்டாள்.

கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாதீர்கள், "வர்றேன்" என்றே சொல்லுங்கள். சாயங்காலம் அவர்கள் பாட்டியிடம் திருநீறு வாங்கிக்கொண்டு புறப்படும்போது உங்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான். அந்தப் பெண் பழக்கமில்லாமல் "பை ண்ணா" என்று கையசைத்தால், "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, கார் முனை திரும்பும்வரை வாசலில் நில்லுங்கள்.